ரீஹீட்டா, ஊட்டுநீர் ஹீட்டரா: ஒரு கிலோ நீராவியின் கணக்கு

அனல்மின் நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் கேட்பதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "டர்பைனில் பாதி வேலை முடித்த நீராவியைத் திரும்ப பாய்லருக்கே அனுப்பிச் சூடாக்குகிறோம். அதன் பெயர் ரீஹீட். இன்னொரு பக்கம், டர்பைனின் நடுவிலிருந்து நீராவியை உருவி, பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்குகிறோம். அது ஊட்டுநீர் ஹீட்டர். ஒன்றில் கூடுதலாக நிலக்கரி எரிகிறது, மற்றொன்றில் வேலை செய்ய வேண்டிய நீராவி குறைகிறது. இரண்டுமே செயல்திறனைக் கூட்டுகின்றன என்றால் எப்படி? எது அதிகம் கூட்டுகிறது?"

வாயால் விளக்குவதைவிட ஒரு கிலோ நீராவியை எடுத்துக் கணக்குப் போடுவது நல்லது. தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் உள்ள 210 மெகாவாட் அலகுகளின் நிலைமைக்கு ஓரளவு நெருக்கமாக, 125 பார் அழுத்தம், 540 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். கண்டன்சரில் அழுத்தம் 0.1 பார்; அங்கே நீராவி ஏறக்குறைய 46 டிகிரியில் தண்ணீராகிறது. டர்பைனிலும் பம்பிலும் உராய்வு இழப்பே இல்லை என்றும் கொள்வோம். நிஜ எண்கள் இவற்றைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒப்பிடுவதற்கு இது போதும்.

முதலில் இரண்டு ஏற்பாடும் இல்லாத வெறும் சுழற்சி. கண்டன்சரிலிருந்து வரும் தண்ணீரை நீராவியாக்கி 540 டிகிரிக்குக் கொண்டுபோக பாய்லர் 3,246 கிலோஜூல் கொடுக்கிறது. டர்பைன் தரும் நிகர வேலை 1,348 கிலோஜூல். மீதி 1,898 கிலோஜூல் குளிர்நீரோடு போய்விடுகிறது. செயல்திறன் 41.5 சதவீதம்.

எரிகிற நெருப்பு ஆயிரம் டிகிரிக்கும் மேல், நீராவி 540 டிகிரி. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு குறைவு? பாய்லர் தரும் வெப்பம் முழுவதும் 540 டிகிரியில் சேர்வதில்லை. 46 டிகிரித் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே அதில் ஏறக்குறைய 40 சதவீதம் செலவாகிறது. சராசரி எடுத்தால் வெப்பம் உள்ளே போகும் வெப்பநிலை வெறும் 272 டிகிரிதான். வெப்ப எந்திரத்தின் செயல்திறனை முடிவு செய்வது அதன் உச்ச வெப்பநிலை அல்ல, இந்தச் சராசரி. ரீஹீட், ஹீட்டர் இரண்டுமே இதை உயர்த்தும் இரு வழிகள். ரீஹீட் மேல்முனையில் உயர்ந்த வெப்பநிலையில் வெப்பத்தைச் சேர்க்கிறது. ஹீட்டர் கீழ்முனையில் தாழ்ந்த வெப்பநிலையில் சேர்வதை வெட்டிவிடுகிறது.

ரீஹீட்டை எடுத்துக்கொள்வோம். நீராவி உயர் அழுத்த டர்பைனில் 30 பார் வரை விரிந்து, 314 டிகிரியில் வெளியே வருகிறது. அதை பாய்லருக்கு அனுப்பி மறுபடியும் 540 டிகிரிக்கு ஏற்றுகிறோம். இதற்குக் கூடுதலாக 518 கிலோஜூல் வெப்பம் தேவை. கிடைக்கும் கூடுதல் வேலை 279 கிலோஜூல். அதாவது இந்தக் கூடுதல் பகுதியின் செயல்திறன் மட்டும் ஏறத்தாழ 54 சதவீதம். 41.5 சதவீதச் சுழற்சியோடு 54 சதவீதச் சுழற்சி ஒன்றை ஒட்டினால் மொத்தச் சராசரி உயரத்தானே செய்யும்? 43.2 சதவீதமாகிறது.

ரீஹீட் எந்த அழுத்தத்தில் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 30 பாருக்குப் பதில் 5 பார் வரை விரியவிட்டு ரீஹீட் செய்தால், 152 டிகிரி ஈர நீராவியிலிருந்து தொடங்கவேண்டும். சேர்க்கும் வெப்பத்தின் சராசரி 300 டிகிரிக்கு இறங்கிவிடும், ஒட்டிய பகுதியின் செயல்திறன் 44 சதவீதம்தான், மொத்தம் 42.1. இன்னும் கீழே போனால் ரீஹீட் செயல்திறனைக் குறைக்கவும் கூடும். அதனால்தான் பொதுவாக முதல் அழுத்தத்தின் கால்பங்கு அளவில் ரீஹீட் வைக்கிறார்கள்.

செயல்திறன் 1.7 புள்ளி கூடியது ரீஹீட்டின் பாதிக் கதைதான். மறுபாதியை ஓவர்ஹாலில் திறந்து வைத்த டர்பைனின் கடைசி வரிசைப் பிளேடுகளில் பார்க்கலாம். நுனிப்பக்கத்தில், நீராவியை எதிர்கொள்ளும் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கவேண்டிய உலோகம் கறையான் அரித்த மரம்போலச் சொரசொரக்கும். அதை அரித்தது நீர்த்துளி. சுழலும் பிளேடின் நுனி ஒலியைவிட வேகமாகப் போகிறது. எதிரே மெதுவாக வரும் துளி அதற்குச் சம்மட்டி அடி. நம் வெறும் சுழற்சியில் கண்டன்சரை அடையும் நீராவியில் 20.7 சதவீதம் ஈரம். பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே பிளேடுக்கு ஆபத்து என்பது பழைய அனுபவ விதி. 30 பாரில் ரீஹீட் செய்ததும் ஈரம் 10.7 சதவீதமாகிறது. உயர் அழுத்த பாய்லர் வேண்டுமென்றால் ரீஹீட் வேண்டும் என்பதற்குக் காரணம் இது. லாபக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

இப்போது ரீஹீட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு ஹீட்டர் வைப்போம். டர்பைனில் நீராவி 10 பாருக்கு வந்ததும் அதில் 22 சதவீதத்தை உருவி, 46 டிகிரித் தண்ணீரோடு கலக்கிறோம். தண்ணீர் 180 டிகிரியாகி பாய்லருக்குள் போகிறது. பாய்லர் தரவேண்டிய வெப்பம் 2,675 கிலோஜூலாகக் குறைகிறது, வேலையும் 1,194 ஆகக் குறைகிறது, செயல்திறன் 44.6 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒரு குழாய், ஒரு பாத்திரம், இன்னொரு பம்ப். ரீஹீட் தந்ததைப்போல ஏறக்குறைய இருமடங்கு ஏற்றம்.

இது மாணவர்களுக்கு எளிதில் நம்பிக்கை தராத இடம், நின்று பார்க்கவேண்டும். உருவிய ஒரு கிலோ நீராவி அதுவரை 666 கிலோஜூல் வேலை கொடுத்துவிட்டது. உருவாமல் விட்டிருந்தால் மேலும் 694 கிடைத்திருக்கும். ஆனால் அந்த 694-ஐப் பெற 1,898 கிலோஜூலைக் கண்டன்சரில் கொட்டியாகவேண்டும். கடைசித் தூரத்தில் நீராவி அவ்வளவு மோசமாகத்தான் உழைக்கிறது: 27 சதவீதம். உருவிவிட்டால் அந்த வெப்பத்தில் ஒரு துளியும் கடலுக்குப் போவதில்லை, அப்படியே தண்ணீரில் ஏறி பாய்லருக்குத் திரும்புகிறது. உருவிய நீராவி செய்த 666 கிலோஜூல் வேலைக்குக் கண்டன்சர் வரி கிடையாது.

"அப்படியானால் பாய்லர் நீராவியையே நேரடியாக எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கலாமே?" என்று கேட்பார்கள். செய்யலாம், லாபம் பூஜ்யம். முதலில் உழைத்த நீராவி சூடாக்கினால்தான் லாபம். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஹீட்டர்களை வரிசையாக வைப்பது ஏன் என்பதும் புரியும். சற்றே சூடாக்க வேண்டிய தண்ணீருக்கு நன்றாக உழைத்துத் தேய்ந்த நீராவி போதும். மேலே போகப் போக அழுத்தமான நீராவி. எண்ணற்ற ஹீட்டர்களால் கிடைக்கக்கூடிய லாபத்தில் ஒரு ஹீட்டர் பாதியைத் தருகிறது, இரண்டு மூன்றில் இரண்டு பங்கை, ஆறு ஏழில் ஆறு பங்கை. ஏழாவதற்கு மேல் பணம் போடுவதற்கு யோசிக்கவேண்டும். தண்ணீரை மிகவும் சூடாக்கினால் பாய்லரின் புகை குளிர வழியில்லாமல் சிம்னிக்குச் சூடாகப் போகும் என்பது இன்னொரு எல்லை.

இரண்டையும் சேர்த்த கணக்கு இதோ:

| ஏற்பாடு | செயல்திறன் (%) | கடைசி ஈரம் (%) | ஒரு யூனிட் மின்சாரத்துக்கு பாய்லர் நீராவி (கிலோ) |
|---|---|---|---|
| வெறும் சுழற்சி | 41.5 | 20.7 | 2.67 |
| ரீஹீட் மட்டும் | 43.2 | 10.7 | 2.21 |
| ஒரு ஹீட்டர் மட்டும் | 44.6 | 20.7 | 3.02 |
| இரண்டும் | 45.8 | 10.7 | 2.46 |

ஹீட்டர் மட்டும் இருந்தால் ஈரம் கொஞ்சமும் குறையவில்லை, பாய்லர் பெரிதாகவேண்டும். ரீஹீட் அந்த இரண்டு குறையையும் சரிசெய்கிறது. ஆனால் லாபங்கள் முழுதாகக் கூடவில்லை: 1.7-ம் 3.1-ம் சேர்ந்தால் 4.8 வரவேண்டும், வந்தது 4.3. ரீஹீட்டுக்குப் பிறகு 10 பாரில் உருவும் நீராவி 364 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதை 180 டிகிரித் தண்ணீருக்குச் செலவிடுவது பொன்னை இரும்பு விலைக்கு விற்பது. இதனால்தான் உச்சியில் உள்ள எச்.பி. எனப்படும் உயர் அழுத்த ஹீட்டர்களில் ஒன்றுக்கு, ரீஹீட்டருக்குப் போகும் வழியிலேயே, கோல்ட் ரீஹீட் குழாயிலிருந்து நீராவி எடுக்கிறார்கள். ரீஹீட்டுக்குப் பின் எடுப்பதற்கு ஹீட்டருக்குள்ளேயே தனியாக ஒரு பகுதி வைத்து, அந்த மிகைச்சூட்டை வெளியேறும் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இந்த ஜோடி ஒன்றாக வருவதில்லை. கரும்புச் சக்கையை எரிக்கும் சர்க்கரை ஆலை மின் நிலையங்களில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்கும், ரீஹீட் இருக்காது. அந்தச் சிறிய டர்பைனுக்கும் பாய்லருக்கும் இடையே பெரிய குழாய்கள் போய்வரும் செலவு கட்டாது. கூடங்குளத்தில் ரீஹீட் இருந்தாலும் அதன் குணமே வேறு. அங்கே நீராவி சுமார் 60 பாரில், மிகைச்சூடு இல்லாமல் வருகிறது. டர்பைனின் நடுவில் ஈரத்தைப் பிரித்தெடுத்து, 60 பாரில் வரும் அந்த நீராவியில் ஒரு பங்கைக் கொண்டே மற்றதைச் சூடாக்குகிறார்கள். உலையிலிருந்து உயர்ந்த வெப்பநிலையில் புது வெப்பம் சேரவில்லை என்பதால் செயல்திறனுக்கு அதன் பங்கு சிறிது. பிளேடைக் காப்பதே பிரதான வேலை. அங்கே சுமையைத் தூக்குவது ஊட்டுநீர் ஹீட்டர்கள்.

நடைமுறையில் இரண்டும் கெடும் விதமும் வேறு. ரீஹீட்டின் சத்தமில்லாத இழப்பு ஸ்ப்ரே. ரீஹீட் நீராவி அளவுக்கு மீறிச் சூடாகும்போது அதில் தண்ணீர் தெளித்து அடக்குகிறோம். அந்தத் தண்ணீர் உயர் அழுத்த டர்பைனையும் பார்க்காது, எச்.பி. ஹீட்டரையும் பார்க்காது, ரீஹீட் அழுத்தத்தில் ஓடும் மட்டமான சுழற்சி ஒன்றை நாமே ஒட்டிவைத்ததுபோல ஆகிறது.

எச்.பி. ஹீட்டரில் குழாய் ஒன்று ஓட்டையானால், பம்பின் உயர் அழுத்தத் தண்ணீர் நீராவிப் பக்கம் பாய்ந்து மட்டம் சரசரவென ஏறும். அது டர்பைனுக்குள் திரும்பிவிடக்கூடாது என்பதற்காக ஹீட்டர் பைபாஸ் ஆகிவிடும். நான் பார்த்த ஒரு நிலையத்தில் இரவு ஷிப்ட்டில் இது நடந்தபோது, புதிதாக வந்த ஆபரேட்டர் மகிழ்ந்தார்: அதே நீராவிக்கு மெகாவாட் ஏறியிருந்தது. ஏறத்தான் செய்யும், உருவப்படாத நீராவி கண்டன்சர்வரை போய் உழைக்கிறது. ஆனால் பாய்லருக்குள் 240 டிகிரியில் போன தண்ணீர் 165 டிகிரியில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த அரை மணியில் நிலக்கரி ஃபீடர்களின் வேகம் ஏறியதைக் காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. மேலே உள்ள அட்டவணையின் முதல் வரிசையையும் மூன்றாவது வரிசையையும் அவர் கண்ணால் பார்த்தார்.

அந்த நிலைக்கு வரும்முன்பே ஹீட்டர் சொல்லிவிடும். உருவு நீராவியின் அழுத்தத்துக்கு உரிய கொதிநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வையுங்கள். நல்ல ஹீட்டரில் அது இரண்டு மூன்று டிகிரிதான். எட்டு, பத்து என்று விரிந்தால் குழாயில் படிவம், உள்ளே காற்று, அல்லது தண்ணீர் நிரம்பி மூழ்கிய குழாய்கள் என்று மூன்றில் ஒன்று. உருவிய நீராவி குளிர்ந்து வடியும் டிரெயின் தண்ணீர், உள்ளே வரும் ஊட்டுநீரைவிட ஐந்தாறு டிகிரிதான் கூடுதலாக இருக்கவேண்டும். அது இருபதுக்குப் போனால் மட்டம் தாழ்ந்து, நீராவியே டிரெயின் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் மட்டக் கண்ணாடியைப் போய்ப் பாருங்கள்.