வானத்தைப் பிரிப்பதா, ஒருவர் கையில் கொடுப்பதா?

தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே போரில் இறங்கும்போது விமானங்களை யார் ஏவுவது என்பதில்தான் அதிகம் மோதல் வரும். கடற்படையிடமும் விமானம் இருக்கிறது, விமானப்படையிடமும் இருக்கிறது, தரைப்படைக்கோ இரண்டு பேருடைய உதவியும் வேண்டும். இதற்கு இரண்டு வழிகளை அமெரிக்கா நிஜப் போரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

முதல் வழி, எல்லை பிரித்துக்கொள்வது. வியட்நாம் போரில் வட வியட்நாமை ஆறு பகுதிகளாக வெட்டி, ஆறாவதை மறுபடியும் இரண்டாக்கினார்கள். ஹனோய் பக்கம் விமானப்படைக்கு, ஹைபோங் பக்கம் கடற்படைக்கு. விமானங்கள் ஒன்றோடொன்று மோதாது, அதிகம் பேசிக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் எதிரிக்கு அந்தக் கோடு தெரியுமா? ஒரு பகுதியில் இலக்குகள் குவிந்து கிடந்தாலும் பக்கத்துப் பகுதியின் விமானங்களை அங்கே திருப்ப, இரண்டு படைகளுக்கும் சேர்த்து ஆணையிடும் ஒருவர் களத்தில் இல்லை. இது படைகளுக்கிடையே சண்டையைத் தவிர்க்கும் ஏற்பாடு மட்டுமே. கூட்டுக் கட்டளை என்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

இரண்டாவது வழி, ஒருவர் கையில் கொடுப்பது. இது ஈராக்குக்கு எதிரான 1991 வளைகுடாப் போரில் வந்தது. ஒட்டுமொத்தத் தளபதி ஷ்வார்ஸ்காஃப். அவருக்குக் கீழே வான் நடவடிக்கை முழுவதும் விமானப்படைத் தளபதி சார்லஸ் ஹார்னர் பொறுப்பு. அவருடைய குழு தினமும் ஒரே பணி ஆணை தயாரித்தது. எந்த விமானம், எந்த இலக்கு, எத்தனை மணிக்கு, எங்கே எரிபொருள் நிரப்புவது என எல்லாம் அதில் இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கம் வந்த அந்த ஆணையைப் பெறும் கணினி வசதி விமானந்தாங்கிக் கப்பல்களில் இல்லை. அதனால் அச்சுப்பிரதியை விமானத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்! ஒருவர் கையில் அதிகாரம் கொடுத்தால் மட்டும் போதாது, அவருடைய ஆணை போய்ச்சேர வழியும் வேண்டும்.

இதற்கு இன்னொரு குறையும் உண்டு. ஆணை தயாராக இரண்டு நாள் ஆகும், அதற்குள் நகரும் இலக்கு இடம் மாறிவிடும். இதைச் சமாளிக்க, போர்க்களத்தைச் சுமார் 30 மைலுக்கு 30 மைல் கட்டங்களாகப் பிரித்து, விமானங்களை அங்கே அனுப்பி, கண்ணில் பட்டதைத் தாக்கச் சொன்னார்கள். பார்த்தால் பழைய எல்லைப் பிரிவு மாதிரியே இருக்கும். ஆனால் பெரும்பாலான கட்டங்கள் எந்த ஒரு படைக்கும் சொந்தமில்லை, அங்கே யாரை அனுப்புவது என்று ஹார்னரின் குழு அன்றன்றைக்கு முடிவு செய்தது. எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது.

அங்கும் ஒரு ஓட்டை இருந்தது. தரைப்படைக்கு முன்னால் வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. அதற்கு அப்பால் விமானங்கள் தாராளமாகத் தாக்கலாம், இப்பால் என்றால் தரைப்படையோடு ஒருங்கிணைத்துத்தான் தாக்க வேண்டும். போரின் கடைசி நாட்களில் தரைப்படை அந்தக் கோட்டை வெகுதூரம் முன்னே தள்ளியது. பின்வாங்கிய ஈராக்கியப் படைகளில் ஒரு பகுதி கோட்டுக்கு இப்பால் வந்துவிட்டது. தரைப்படை இன்னும் அவர்களை எட்டவில்லை, விமானங்களுக்கோ முன்புபோல் தாக்க முடியவில்லை.