கேரளா ஃபேமிலி டூர் கொட்டேஷன்: 36,500 ரூபாயை விழுங்கிய நாலு வரிகள்

இந்த லீவுக்கு டிராவல்ஸ் மூலமா ஃபேமிலி டூர் பிளான் பண்றவங்க பணம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பும் ஒரு டிராவல் ஏஜென்ட். பெயர் போடப் போவதில்லை. போனது 36,500 ரூபாய்.

கேட்டது இதுதான்: டிசம்பர் 23 முதல் 28 வரை, ஐந்து இரவு ஆறு பகல். கொச்சியில் ஏறி மூணாறு இரண்டு இரவு, தேக்கடி ஒன்று, ஆலப்புழை ஹவுஸ்போட் ஒன்று, கடைசி இரவு கொச்சி. பெரியவர்கள் ஆறு பேர், 12 வயதில் ஒரு பையன், 6 வயதில் ஒரு பெண். மூன்று ரூம், 12 சீட் டெம்போ டிராவலர், காலை டிஃபனும் ராத்திரி சாப்பாடும் சேர்த்து.

கொட்டேஷனில் மூன்று ஆப்ஷன்: ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், பிரீமியம். டீலக்ஸ் எடுத்தோம். ஒரு ஆளுக்கு 19,500, ஆறு பேருக்கு 1,17,000. பையனுக்கு எக்ஸ்ட்ரா பெட்டோட 12,000, சின்னவளுக்கு பெட் இல்லாம 6,000. மொத்தம் 1,35,000, அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 6,750, ஆக 1,41,750. "வேற ஏதாவது வருமா?"ன்னு கேட்டதுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கு: "சார், எல்லாமே உள்ள போட்டாச்சு. நீங்க பேக் பண்ணிட்டு கிளம்புங்க, பாக்கிய நான் பாத்துக்கறேன். வீட்ல பெரியவங்க வர்றாங்க, நான் விட்டுருவேனா?" அந்தக் கடைசி வரிதான் ஆளை நம்ப வைக்குது. அரை மணி நேரத்தில் பாதிப் பணம் அவர் கணக்குக்குப் போயாச்சு.

இனி பணம் போன வரிகள்.

முதல் அடி வயசு. 12 முடிஞ்ச பிள்ளையை ஹோட்டல்கள் பெரும்பாலும் பெரியவர் கணக்கில்தான் வைக்கும். வயசு 12 என்று முதல் மெசேஜிலேயே எழுதியிருந்தும் குழந்தை ரேட் போட்டு மொத்தத்தைக் குறைத்துக் காட்டினார். கிளம்புறதுக்கு முன்னாடி, "ஹோட்டல்ல ஒத்துக்கலை சார், அடல்ட் ரேட்தான்" என்று 7,500 கூடுதலாக வாங்கினார். அந்த 7,500-ம் தப்பான கணக்கு. 19,500 என்பது ஒரு ரூமை இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு வரும் விலை. மூன்றாவது ஆளாக எக்ஸ்ட்ரா பெட்டில் படுப்பவருக்குப் பாதி ரூம் வாடகை கிடையாது, பெட்டுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காசு. பெரியவராகவே வைத்தாலும் முழு 19,500 வராது.

இரண்டாவது, பெரிய அடி: கிறிஸ்துமஸ் ஈவ். டிசம்பர் 24, 31 இரவுகளில் மலை ரிசார்ட்டுகள் பலவற்றில் கலா டின்னர் என்ற பண்டிகை விருந்து கட்டாயம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு. மூணாறு ரிசெப்ஷனில் சாவி கொடுப்பதற்கு முன்னாடியே பில்லை நீட்டினார்கள்: ஏழு பேருக்கு 2,500 வீதம் 17,500, சின்னவளுக்கு 1,250, மொத்தம் 18,750. தேதி தெரிந்த ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதே இரவுச் சாப்பாட்டுக்கு பேக்கேஜில் ஏற்கெனவே காசு வாங்கியிருக்கார். அதையாவது கழிக்கணும். ஒரு பைசா கழிக்கலை.

மூன்றாவது, ஹவுஸ்போட். கொட்டேஷனில் "டீலக்ஸ் ஏசி ஹவுஸ்போட்" என்று இருந்தது. ஆலப்புழையில் டீலக்ஸ் என்றால் பெரும்பாலும் பெட்ரூம் ஏசி ராத்திரி 9 மணிக்குப் போட்டு காலை 6 மணிக்கு நிறுத்துவார்கள். போட்டில் ஏறுவது மத்தியானம் 12 மணிக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மீனவர்கள் வலை போடும் நேரம் என்று கரையில் கட்டிவிடுவார்கள். அதாவது வெயில் நேரம் முழுக்க ஏசி இல்லை. வயசான அப்பாவும் அம்மாவும் கூட இருக்கும்போது அந்தப் புழுக்கத்தில் என்ன பண்ண? முழு நேர ஏசிக்கு அங்கேயே 5,000.

நான்காவது டிரைவர். பேட்டா நாளைக்கு 500, ஆறு நாளுக்கு 3,000, டோலும் பார்க்கிங்கும் 2,250. கொட்டேஷன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "மேலே குறிப்பிடாத எதுவும் சேராது" என்று ஒரு வரி. 5,250 ரூபாய் அந்த ஒரு வரிக்குள்ள போயிடுச்சு.

7,500, 18,750, 5,000, 5,250. கூட்டினால் 36,500.

காசு கணக்கில் வராத இன்னொன்று: ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது இணையானது" என்று போட்டிருந்தார். காட்டிய ஹோட்டல் மூணாறு டவுன் பக்கம், கிடைத்தது ஆனச்சாலில். டவுனுக்குப் பதினைந்து கிலோமீட்டர் மலைரோடு. தினம் போக வர அரை நாள் வண்டியிலேயே போச்சு.

கேட்டதுக்கு வந்த பதில்கள்: மூணாறில் இருந்து கூப்பிட்டபோது "ஹோட்டல் ரூல் சார், நான் என்ன பண்ண முடியும்". ஹவுஸ்போட்டில் இருந்து கூப்பிட்டபோது "டிரிப் முடியட்டும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". ஊர் வந்ததும் "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்". அப்புறம் வெறும் நீல டிக். விடாமல் கேட்டதும், "கொட்டேஷன்ல தெளிவா போட்டிருக்கே, படிச்சுப் பாருங்க" என்று ஒரு மெசேஜ், கூடவே அடுத்த டூருக்கு 5,000 தள்ளுபடியாம். 36,500 வாங்கினவர்கிட்ட மறுபடியும் டூர் போகணுமாம்! ஜிஎஸ்டி 6,750-க்கு இன்வாய்ஸ் கேட்டால் ஒரு படம் அனுப்பினார், அதில் ஜிஎஸ்டி நம்பரே இல்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது.

கொட்டேஷன் வாங்கினால் என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்குக் கோபத்தில் இவ்வளவுதான் வருது. தலைக்கு இவ்வளவு என்ற விலையை வாங்காதீங்க. ரூம், வண்டி, ஹவுஸ்போட், சாப்பாடு என்று தனித்தனி மொத்தம் கேளுங்க. ஆறு நாள் வண்டி 42,000 என்றால் ஆறு பேருக்குத் தலைக்கு 7,000, இரண்டு பேர் கழன்று நாலு பேரானால் 10,500. ஆள் குறைந்ததும் விலை ஏறுவது அதனாலதான், அப்போ சின்ன வண்டி கேளுங்க. 24, 31 உங்க தேதிக்குள்ள வந்தா கலா டின்னர் எவ்வளவு என்று ஹோட்டலுக்கே நேரா போன் பண்ணுங்க. ஏசி எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை என்று எழுத்தில் வாங்குங்க. "அல்லது இணையானது" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்க, ஹோட்டல் கன்ஃபர்மேஷன் நம்பர் வந்த பிறகு மீதிப் பணம் போடுங்க. வாய்ஸ் மெசேஜை அழிச்சிடாதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் போட்டாச்சு, அந்த வாய்ஸ் மெசேஜ், ரிசார்ட் பில், டிரைவர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் கையில் இருக்கு. அதில் வழிக்கு வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணமே இல்லை. இதே மாதிரி கேரளா பேக்கேஜில் மாட்டினவங்க உங்க கொட்டேஷனோட கடைசிப் பக்கத்தைக் கீழே போடுங்க, அதே வரிகள் இருக்கான்னு பார்க்கணும்.