பப்பி டயல், ஹைட் கேஜ், லெங்த் கேஜ்: பல வருடம் பயன்படுத்தியபின் எழுதுவது

எங்கள் டூல் ரூமில் தினமும் கையில் இருப்பவை லீவர் வகை டயல் (எல்லோரும் பப்பி டயல் என்போம்), 10 மி.மீ. ஓட்டமுள்ள சாதாரண ப்ளஞ்சர் டயல், ஒரு ஹைட் கேஜ், பின்னாளில் வந்த டிஜிட்டல் லெங்த் கேஜ். எந்த கம்பெனி நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓரளவு நல்ல எந்த டயலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதை எந்தக் கோணத்தில், எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்பதில்தான் எண் கெடுகிறது.

முதலில் பப்பி டயல். இதன் ஸ்டைலஸ் ஒரு சின்ன நெம்புகோல். அது அளக்கும் பரப்புக்கு இணையாகக் கிடந்தால் பரப்பு 0.10 மி.மீ. ஏறும்போது முள்ளும் 0.10 காட்டும். ஸ்டைலஸைச் சாய்த்து வைத்தால் அதே 0.10 ஏற்றத்துக்கு நெம்புகோல் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கும். டயலுக்குத் தெரிவது சுழற்சி மட்டும்தான், அதனால் கூட்டிக் காட்டும். கோசைன் பிழை என்பது இதைத்தான். காட்டும் அளவை சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் உண்மை அளவு கிடைக்கும். 10 டிகிரிக்குப் பெருக்க வேண்டிய எண் 0.985, 30 டிகிரிக்கு 0.866, 45 டிகிரிக்கு 0.707, 60 டிகிரிக்கு சரிபாதி. முதல் பத்து டிகிரியில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு வேகமாக ஏறும்.

இதை நம்பாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது ஒரு சின்னப் பரிசோதனை. சர்ஃபேஸ் பிளேட்டில் 1.00, 1.10 மி.மீ. என்று துல்லியமான தடிமனுள்ள இரண்டு கட்டைகளை, அதாவது ஸ்லிப் கேஜ்களை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டைலஸைக் கிடையாக வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் 0.10 வரும். ஸ்டைலஸை 45 டிகிரிக்கு மடக்கிவிட்டு அதையே செய்தால் முள் 0.14-இல் நிற்கும். டயலும் அதேதான், ஸ்லிப் கேஜும் அதேதான். கோணத்தைக் கண்ணால் ஊகித்துப் பெருக்குவதைவிட, வேலையில் இருக்கும் அதே சாய்வில் ஸ்லிப் கேஜ் மேல் வைத்து விகிதத்தை நேரடியாக எடுத்துக்கொள்வது நல்லது. கடையில் கிடைத்த நீளமான ஸ்டைலஸை யாராவது மாட்டியிருந்தாலும் இதிலேயே பிடிபட்டுவிடும். இரண்டு மடங்கு நீளமானதை மாட்டினால் டயல் பாதிதான் காட்டும்.

ஃபிளேஞ்ச் உள்ள ஒரு புஷ்ஷில் இது நன்றாகத் தெரிந்தது. வெளிவிட்டத்தை வீ பிளாக்கில் வைத்து, உள்விட்டத்தின் ரன்னவுட், அதாவது பீஸைச் சுற்றும்போது அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். டிராயிங்கில் 0.05 வரை அனுமதி. ஃபிளேஞ்ச் இடித்ததால் டயல் உடலைத் தூக்கி, ஸ்டைலஸை 45 டிகிரி சாய்த்து உள்ளே விட்டிருந்தார்கள். ஒரு சுற்றில் முள் 0.06 ஓடியது, பீஸ் ரிஜெக்ட் தட்டுக்குப் போனது. 0.06-ஐ 0.707-ஆல் பெருக்கினால் 0.042. நல்ல பீஸ்தான். ஸ்டாண்டை மறுபக்கம் கொண்டுபோய், ஃபிளேஞ்ச் இல்லாத வாயிலிருந்து ஸ்டைலஸை உள்சுவருக்கு இணையாக விட்டபோது முள் 0.04-ஐ ஒட்டியே ஓடியது.

அப்படியானால் சாய்த்தே வைக்கக்கூடாதா என்றால், அப்படி இல்லை. நாலு ஜா சக்கில் வேலையை சென்டர் பண்ணும்போது நமக்குத் தேவை முள் அசையாமல் நிற்பது. பூஜ்யத்தை எந்த கோசைனால் வகுத்தாலும் பூஜ்யம்தான். வைஸை அலைன் செய்வதும் அப்படியே. இந்த மாதிரி வேலைகளில் கோணத்தைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டிய வேலையில் மட்டும்தான் ஸ்டைலஸைக் கிடையாக்க மெனக்கெடுகிறேன். பேரிக்காய் வடிவ முனையுள்ள ஸ்டைலஸ் இந்தப் பிழையை ஓரளவு தானே ஈடுகட்டும். சில மாடல்களில் ஸ்டைலஸை 12 டிகிரி சாய்த்து வைத்தால்தான் சரியாகக் காட்டும்படி செய்திருப்பார்கள், அதனால் கூட வரும் தாளைப் படிக்காமல் தூக்கிப் போட வேண்டாம்.

ப்ளஞ்சர் டயலிலும் இதே பிழை உண்டு. அது மொத்த ஓட்டத்தைப் பொறுத்தது. 3 டிகிரி சாய்ந்திருந்தால் 1 மி.மீ. ஓட்டத்தில் ஒன்றரை மைக்ரான்கூட வராது. 10 மி.மீ. முழுவதும் ஓடவிட்டால் சுமார் 14 மைக்ரான், அதாவது 0.01 டயலில் ஒரு கோட்டுக்கும் மேல். மாஸ்டரை வைத்து பூஜ்யமாக்கி, சிறு வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தொல்லையே இல்லை.

அடுத்தது அபே பிழை. இது வேறு சாதி. 1890-இல் ஜெர்மனியின் ஜெனாவில் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த எர்ன்ஸ்ட் அபே சொன்னது: அளக்கும் நீளமும் அளவுகோலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் அப்படி இருக்கிறது. வெர்னியரிலும் ஹைட் கேஜிலும் இல்லை, அதனால் ஸ்லைடர் சற்றே சாய்ந்தாலும் அளவு மாறும், அதுதான் அபே பிழை.

எங்கள் ஹைட் கேஜையே எடுத்துக்கொள்வோம். ஸ்லைடர் தண்டைப் பிடித்திருக்கும் உயரம் ஏறத்தாழ 60 மி.மீ. தேய்ந்து அதில் 0.01 ஆட்டம் வந்துவிட்டது என்று வையுங்கள். முனை தண்டிலிருந்து 150 மி.மீ. வெளியே இருந்தால் அந்த ஆட்டம் அங்கே 0.025 ஆகிவிடும். முனையை நீட்ட நீட்ட அதே விகிதத்தில் பிழையும் நீளும். கோசைன் பிழை சிறு கோணத்தில் கண்ணுக்கே தெரியாது, அபே பிழையோ சிறு கோணத்திலேயே முழு உருவில் வந்து நிற்கும். டயலில் கோசைன் பிழை எப்போதும் கூட்டியே காட்டும், பெருக்கிச் சரிசெய்யலாம். அபே பிழை கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். பீஸ் மேல் அழுத்தித் தொட்டால் முனை மேலே தள்ளப்பட்டு, ஸ்லைடர் கொஞ்சம் கீழே போய் அளவு குறையும். அடுத்தவர் கைக்கு வேறு எண் வரும். ஒரே பீஸை லேசாகத் தொட்டும் அழுத்தித் தொட்டும் பாருங்கள், அப்புறம் லாக் ஸ்க்ரூவை இறுக்கும்போது முனை நகர்கிறதா என்றும் பாருங்கள். எண் மாறினால் ஸ்லைடரின் ஆட்டத்தை எடுக்கும் ஜிப்பைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, ஹைட் கேஜ் முனையில் பப்பி டயலை மாட்டுவது. ஸ்லிப் கேஜ் அடுக்கின்மேல் டயல் பூஜ்யம் காட்டும்போது உயரத்தைப் படித்துக்கொள்கிறேன். பிறகு பீஸின்மேலும் டயல் அதே பூஜ்யத்துக்கு வரும்வரை ஸ்லைடரை நகர்த்திப் படிக்கிறேன். இரண்டு இடத்திலும் அழுத்தம் ஒன்று, சாய்வும் ஒன்று, கழிக்கும்போது பிழை போய்விடுகிறது. டயல் பூஜ்யத்தில் நிற்பதால் கோசைன் பிழையும் நுழையாது. ஸ்லிப் அடுக்கு பீஸின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 50-இல் பூஜ்யம் வைத்து 250-இல் அளந்தால் தண்டின் நேர்மைக் குறைவால் சாய்வு மாறி, பழைய கதை திரும்பிவிடும். முனையை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள்.

லெங்த் கேஜ் வாங்கியபின் அபே தொல்லை கருவிக்குள் குறைந்துவிட்டது. நல்ல மாடல்களில் ஸ்கேல் ப்ளஞ்சரின் நேர்கோட்டிலேயே இருக்கிறது. ஆனால் ஸ்டாண்டில் மாட்டுவது நாம்தானே. 12 மி.மீ. ஓட்டத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் ஏறத்தாழ 2 மைக்ரான். பத்தில் ஒரு மைக்ரான் வரை திரையில் எண் ஓடும் கருவியில் அது பெரிய தொகை. மாட்டும்போது சமதளத்தின்மேல் முனையை வைத்து, ஹோல்டரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் லேசாக அசைத்து, ப்ளஞ்சர் மிக அதிகமாக உள்ளே போகும் நிலையில் இறுக்குகிறேன், அதுதான் செங்குத்து. 8 மி.மீ. ஷாங்கை ஸ்க்ரூ நுனியால் நேராக நெருக்காமல் பிளவுபட்ட கிளாம்ப்பில் பிடியுங்கள். நெருக்கினால் ப்ளஞ்சர் இறுகி ஒட்டிக்கொள்ளும், அப்போது திரையில் வரும் எண் எந்தப் பிழைக் கணக்கிலும் சேராது.