மூன்று நிறப் பந்துகளோடு ஆறு வருஷம்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் கிரிக்கெட் விளையாடும் திடலுக்கு மூன்று பக்கமும் செம்பனை, நான்காவது பக்கம் தமிழ்ப்பள்ளி வேலி. குழுவுக்குப் பந்து வாங்குவதும் துடைத்து வைப்பதும் ஆறு வருஷமாக என் வேலை. அதனால்தான் ஒட்டுக்கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமா என்னைப் பிடித்துக் கேட்டார்: "ஏன்டா தம்பி, டெஸ்டுக்குச் சிவப்பு, இருபது ஓவருக்கு வெள்ளை. கலர் அழகுக்குத்தானே?"

பையில் கிடந்த இரண்டு பழைய பந்துகளை எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினேன். சிவப்புப் பந்தில் கீறல் விழுந்தது, ஆனால் கீறலுக்குள்ளும் சிவப்புத்தான். வெள்ளைப் பந்தில் சின்னச் செதில் பெயர்ந்து, அடியில் மங்கலான தோல் தெரிந்தது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. உள்ளே எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒன்றுதான்: நடுவில் கார்க், சுற்றிலும் இறுக்கிய நூல், மேலே தோல், நடுவே தையல். ஆண்கள் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. சிவப்புச் சாயம் தோலுக்குள் ஊறிவிடும். வெள்ளையை அப்படி ஊற வைக்க முடியாது. மேலே பூச்சாகத்தான் ஏற்ற வேண்டும்.

சிவப்புப் பந்தை விளையாடும் நாளெல்லாம் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருக்கலாம். தோலில் ஊறிய எண்ணெயும் மெழுகும் மினுமினுப்பை மறுபடி கொடுக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து மறுபக்கத்தைச் சொரசொரப்பாக விட்டால் பந்து காற்றில் வளையும். பழசான பிறகு எதிர்ப்பக்கம் வளைவதும் உண்டு, அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். டெஸ்டில் 80 ஓவர் கழிந்த பிறகுதான் புதுப் பந்து கேட்கலாம் என்பதால், இப்படி மெதுவாக வயசாகிற பந்துதான் அங்கே வேண்டும்.

அப்படியானால் ராத்திரிக்கும் அதையே போடலாமே? நாங்களும் போட்டுப் பார்த்தோம். விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு, பழுப்பாகத் தெரிந்தது. எங்கள் திடலின் செம்மண்ணில் உருண்டு வந்தால் பந்து எது, மண் எது என்றே புரியவில்லை. கவர் பக்கம் நின்ற தம்பி வாயில் வாங்கி, உதட்டில் இரண்டு தையல்.

வெள்ளை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். புதிதில் வழவழப்பான பூச்சு இருப்பதால் முதல் சில ஓவர் அழகாக வளையவும் செய்யும். ஆனால் எங்கள் திடலில் பதினைந்தாவது ஓவருக்குள் பூச்சு தேய்ந்து, புல் பச்சையும் மண்ணும் அப்பிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் பழைய மினுமினுப்பு வராது. இருபது ஓவருக்கு ஒரு பந்து போதும், சரி. ஐம்பது ஓவருக்கு? அதற்காகத்தான் 2011-இல் ஒருநாள் போட்டியில் இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 25 ஓவர்தான் வேலை. பந்து பழசாகாததால் ரிவர்ஸ் ஸ்விங் காணாமல் போனது. பந்துவீச்சாளர்கள் புலம்ப, 2025-இல் விதியை மாற்றினார்கள்: 34 ஓவர் வரை இரண்டு பந்து, அப்புறம் அவற்றில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்துகொள்ளும். என்னைக் கேட்டால் இதை அப்போதே செய்திருக்கலாம்.

டெஸ்டுக்கு வெள்ளை ஏன் ஒத்துவராது என்பதும் இதிலேயே வந்துவிட்டது. 80 ஓவர் தாங்காது. ஆட்டக்காரர்கள் உடையும் வெள்ளை என்பதால் பந்து அதில் மறைந்துவிடும்.

வெள்ளை உடையில் ராத்திரி டெஸ்ட் ஆட வேண்டும் என்றபோதுதான் இளஞ்சிவப்பு வந்தது. முதல் பகல்-இரவு டெஸ்ட் 2015 நவம்பரில் அடிலெய்டில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும். இதுவும் பூச்சுப் பந்துதான். அதனால் பூச்சு சீக்கிரம் தேயாமலிருக்க, அங்கே பிட்ச்சில் புல்லைச் சற்று விட்டு வைத்தார்கள். தையல் நூல் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்று பிறகு கறுப்பு நூலுக்கு மாற்றினார்கள். பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை மட்டையாளர் தையலைப் பார்த்துத்தானே கணிக்கிறார்.

ஆசைக்கு ஒன்று வாங்கினேன். எங்கள் பாய் விரிப்புப் பிட்ச்சில் புல்லுக்கு எங்கே போவது? பூச்சு சீக்கிரமே உரிந்தது. சூரியன் மறையும் ஏழு மணி வாக்கில், செம்பனைக்குப் பின்னால் வானமும் பந்தும் ஒரே நிறமாகி, உயர்ந்த கேட்ச் இரண்டை விட்டோம். விளக்கு முழுதாக வந்த பிறகு பரவாயில்லை. அந்த அரைமணி நேரம்தான் தொல்லை.

எந்த நிறமானாலும் நம் ஊர் ஈரத்தில் ஒரு கவனம் தேவை. நனைந்த புல்லில் உருண்ட பந்து தண்ணீரைக் குடித்து வீங்கிக் கனத்துப்போகும், தையலும் அமுங்கிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றி நிழலில் காயவைக்கிறேன். ஒருமுறை அப்படியே பைக்குள் போட்டுவிட்டேன், அடுத்த ஞாயிறு திறந்தால் பூஞ்சை. இப்போது பையில் காலை ஆட்டத்துக்குச் சிவப்பு மூன்று, விளக்கு ஆட்டத்துக்கு வெள்ளை நான்கு. இளஞ்சிவப்பு மறுபடி வாங்கவில்லை.