பிடித்துவைத்த 5 சதவீதத்தை எந்த வருடக் கணக்கில் எழுதுவது?

சின்ன கட்டட ஒப்பந்தக்காரர்களின் கணக்கை மார்ச் மாதம் உட்கார்ந்து முடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. "கைக்கு வராத பணத்துக்கு நான் ஏன் சார் வரி கட்டணும்?" கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடையாகப் பலர் செய்வது என்னவென்றால், வேலை கொடுத்த பார்ட்டி பழுதுக்கு ஈடாக பில்லில் பிடித்துக்கொண்ட பணத்தை, அதாவது ரிடென்ஷனைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வருமானமாக எழுதுவது. இன்னொரு வழி, எவ்வளவு சதவீத வேலை முடிந்ததோ அந்த அளவு வருமானத்தை முழுதாக எழுதி, பிடித்த பணத்தை வர வேண்டிய கடனாகத் தனியே காட்டுவது. இரண்டையும் ஒரே சைட்டில் வைத்துப் பார்ப்போம்.

தஞ்சாவூர் பக்கம் ஒரு பள்ளிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தது ஒரு கூட்டாண்மை நிறுவனம். ஜி.எஸ்.டி. இல்லாமல் ஒப்பந்தத் தொகை 80 லட்சம், மதிப்பிட்ட மொத்தச் செலவு 68 லட்சம், எதிர்பார்க்கும் லாபம் 12 லட்சம். வேலை நடக்க நடக்கப் போடும் ஒவ்வொரு ஆர்.ஏ. பில்லிலும் 5 சதவீதம் ரிடென்ஷன். அந்த ரிடென்ஷனில் பாதி, முழு வேலையும் முடிந்ததும் வரும்; மீதிப் பாதி 12 மாதப் பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகு.

மார்ச் 31 அன்று நிலவரம்: செலவு 40.8 லட்சம். பில் போட்டு இன்ஜினீயர் ஒப்புக்கொண்டது 40 லட்சம். அதில் ரிடென்ஷன் 2 லட்சம், டி.டி.எஸ். 2 சதவீதம் 80 ஆயிரம். ஜி.எஸ்.டி. போக வங்கியில் விழுந்தது 37.2 லட்சம்.

முதல் வழியில் வருமானம் 38 லட்சம், செலவு 40.8 லட்சம். ஆக 2.8 லட்சம் நஷ்டம். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை, புத்தகத்தில் மட்டும் நஷ்டம்.

இரண்டாவது வழியில் முதலில் பார்க்க வேண்டியது செலவை. அந்த 40.8 லட்சத்தில் 3.4 லட்சம், இன்னும் வளைக்காமல் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் கம்பி. கணக்கியல் தரம் 7-ன்படி, சைட்டுக்கு வந்தும் வேலையில் சேராத பொருளை முடிந்த வேலையாக எண்ணக் கூடாது. அது கையிருப்பு. அதைக் கழித்தால் 37.4 லட்சம், அதாவது 68-ல் 55 சதவீதம். 80 லட்சத்தில் 55 சதவீதம் 44 லட்சம். லாபம் 6.6 லட்சம்.

இரண்டு வழிகளுக்கும் இடைவெளி 9.4 லட்சம். அதைப் பிரித்துப் பாருங்கள்: கம்பி 3.4, பில் போடாத வேலை 4, ரிடென்ஷன் 2. எல்லோரும் சண்டை போடும் ரிடென்ஷன்தான் இதில் சின்னது. பெரிய தொகை, பில் ஆகாத வேலையில் இருக்கிறது.

அந்த 4 லட்சத்தை நான் அப்படியே நம்புவதில்லை. பில்லின்படி முடிந்தது 50 சதவீதம், செலவின்படி 55. நடுவில் இருக்கும் 5 சதவீதம் உண்மையிலேயே வேலையா? சைட்டில் எடுத்த அளவுகளைக் குறிக்கும் எம்-புக்கை எடுத்துக் கடைசி அளவு என்றைக்கு எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். மார்ச் 18-ல் அளவு எடுத்து, 24-ஆம் தேதி கூரை கான்கிரீட் போட்டிருந்தால் சரி, அந்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. ரெடிமிக்ஸ் சலானும் இருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் செலவு வேறெங்கோ போயிருக்கிறது. உடைத்துக் கட்டிய சுவரும் வீணான கம்பியும் இந்தக் கணக்கில் முடிந்த வேலை போலவே தோன்றும். அப்போது 37.4 லட்சத்துக்குக் கிடைத்தது 50 சதவீத வேலைதான். இதே வேகத்தில் போனால் மொத்தச் செலவு 74.8 லட்சம், லாபம் 12 அல்ல, 5.2 லட்சம். இந்த எச்சரிக்கையைச் சதவீத முறைதான் தரும். வரவு செலவை மட்டும் எழுதுகிறவருக்கு வேலை முடிந்த பிறகுதான் தெரியும்.

மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மதிப்பீடு சரியாகவே அமைந்து, வேலை அடுத்த வருடம் முடிந்து, கடைசிப் பாதி ரிடென்ஷன் மூன்றாம் வருடம் வந்தது என்று கொள்வோம். முதல் வழியில் 2.8 நஷ்டம், அடுத்த வருடம் 12.8 லாபம், மூன்றாம் வருடம் ஒரு செங்கல்கூட வைக்காமல் 2 லட்சம் லாபம். இரண்டாவது வழியில் 6.6, அப்புறம் 5.4. கூட்டினால் இரண்டும் 12 லட்சம்தான். ஆனால் நஷ்டக் கணக்கோடு வங்கிக்குப் போய் ஓ.டி. வரம்பை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

வரி விஷயம். 2017 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், ரிடென்ஷனுக்கு உரிமை வரும் முன்பே அதை வருமானத்தில் சேர்க்கச் சொன்ன வரிக் கணக்கீட்டுத் தர விதி செல்லாது என்றது. ஒப்பந்தக்காரர்களுக்கு நிம்மதி நீடிக்கவில்லை. 2018 நிதிச் சட்டம், 1961 வருமான வரிச் சட்டத்தில் 43சிபி பிரிவைச் சேர்த்து, 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதலே செல்லும்படி, ஒப்பந்த வருமானத்தில் ரிடென்ஷனும் அடங்கும் என்று எழுதிவிட்டது. ஆகவே நம் உதாரணத்தில் 2 லட்சத்துக்கு 31.2 சதவீதம், 62,400 ரூபாய் முன்கூட்டியே போகிறது. வலிக்கத்தான் செய்யும். 44ஏடி பிரிவில் உத்தேச லாபம் காட்டத் தகுதியுள்ள சிறியவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு வரிக்காகத் தேவைப்படாது; நம் நிறுவனத்துக்கு வேறு சைட்களும் சேர்ந்து விற்றுமுதல் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

ரிடென்ஷனைக் கழித்து எழுதினால் தப்பிக்கலாமா? பார்ட்டி முழு பில்லையும் வரவு வைத்துத்தான் டி.டி.எஸ். பிடிக்கிறார். வரித்துறை காட்டும் டி.டி.எஸ். விவரப் படிவமான 26AS-ல் 40 லட்சம் நிற்கும், உங்கள் புத்தகத்தில் 38. அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு நாள் கடிதம் வரும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழுதுக் காலம் முடிந்தும் பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்து, கடைசியில் வராமலே போனால்? முழுதாக வருமானம் காட்டியவர் அதை வாராக்கடனாகத் தள்ளி வரியில் கழித்துக்கொள்ளலாம். முன்பு வருமானமாகக் காட்டாத தொகையை வாராக்கடன் என்று தள்ள முடியாது.

முழுதாக எழுதும் வழியையே நான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. ரிடென்ஷனைச் சாதாரணக் கடனாளிகளோடு கலக்கக் கூடாது. கலந்தால் வங்கிக்காரர் 90 நாளைத் தாண்டிய பழைய பாக்கி என்று அதை ஒதுக்கிவிடுவார். ஒவ்வொரு சைட்டுக்கும் தனி ரிடென்ஷன் லெட்ஜர் திறந்து, எந்த பில்லில் எவ்வளவு பிடித்தார்கள், எந்தத் தேதியில் தர வேண்டும் என்று எழுதுங்கள். வேலை முடிப்புச் சான்றிதழின் நகல் அந்தக் கோப்பிலேயே இருக்கட்டும். 12 மாதம் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். பணம் தர வேண்டிய நாள் தாண்டினால் வழக்குப் போட 3 வருடம்தான் அவகாசம்.