புகார் திடீரென்று எகிறினால்: எந்த அலாரம், யாருக்கு?

ஆம்னி பஸ் முன்பதிவுத் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் அதைத் திட்டி வரும் பதிவுகள், வெள்ளி இரவு ஏழு மணிக்கு ஒரு மணி நேரத்தில் 24 இருக்கும். செவ்வாய் அதிகாலை மூன்றுக்கு ஒன்று வந்தாலே அதிகம்.

பெரும்பாலான குழுக்கள் முதலில் வைப்பது நிலையான வரம்பு: மணிக்கு 20 தாண்டினால் அலாரம். அமைக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் வெள்ளிதோறும் சும்மா அடிக்கும். இரண்டே வாரத்தில் யாராவது அதை மியூட் செய்துவிடுவார்கள். செவ்வாய் அதிகாலையில் ஒன்பது பேர் "காசு போச்சு, டிக்கெட் வரல" என்று எழுதினாலோ அது வாயே திறக்காது. ஊர் விழித்து எண்ணிக்கை இருபதைத் தொடும்போது விடிந்திருக்கும்.

அடுத்தது, வழக்கத்தோடு ஒப்பிடும் முறை. கடந்த எட்டு வாரத்தில் அதே கிழமை, அதே மணியில் வந்த எண்ணிக்கைகளை சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக வைத்து, நடுவில் வரும் இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணை வழக்கமான எண்ணாக எடுக்க வேண்டும். எட்டின் சராசரி வேண்டாம், பழைய களேபரம் ஒன்று அதில் இருந்தால் சராசரி வீங்கிவிடும். வரம்பை 'மூன்று மடங்கு' என்று வைப்பதும் சரியில்லை. வெள்ளிக்கு 72 வரும்வரை காத்திருக்க நேரிடும். வழக்கமான எண்ணோடு அதன் வர்க்கமூலத்தின் மும்மடங்கைக் கூட்டுங்கள்: வெள்ளிக்கு ஏறக்குறைய 39, செவ்வாய்க்கு 4. அப்புறம், குறைந்தது ஐந்து வெவ்வேறு ஆட்கள் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவசியம். இல்லையென்றால் ஒரே ஆள் கோபத்தில் போடும் ஆறு பதிவுகளே அலாரத்தை எழுப்பிவிடும். இன்னும் வீண் அலாரம் வந்தால் வர்க்கமூலத்தின் மும்மடங்கை நான்கு மடங்காக்கலாம்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் தீபாவளி வாரத்தில் இதுவும் தடுமாறும், அப்போது கிழமைக் கணக்கு உதவாது. போன தீபாவளி வார எண்களைத்தான் பார்க்க வேண்டும். "சூப்பர் சர்வீஸ்டா சாமி" என்ற குத்தலை, புகார்ப் பதிவுகளைப் பிரித்தெடுக்கும் கருவி பாராட்டு என்று எண்ணிவிடும் அபாயமும் உண்டு. அதனால் மொத்தப் பதிவுகளுக்கும் இதே கணக்கில் இன்னொரு அலாரம் வைப்பது நல்லது.

கண்டுபிடித்தாயிற்று, யாரிடம் சொல்வது? நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், வேறு யாரோ பார்ப்பார்கள் என்று நாற்பது பேரும் நினைப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அது வெறும் சத்தமில்லாத செய்தி. அந்த ஷிஃப்டில் இருக்கும் ஒருவருக்குத் தானாகப் போன் போவதே மேல். ஐந்து நிமிடத்தில் 'பார்த்துவிட்டேன்' என்று அவர் அழுத்தாவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். 'காசு', 'ரீஃபண்ட்' என்ற சொற்கள் நிறைய இருந்தால் பேமெண்ட் பொறியாளருக்கு. விபத்து, டிரைவர் என்றால் பஸ் இயக்கப் பொறுப்பாளருக்கு.

போனோடு போகும் குறுஞ்செய்தி இப்படி இருக்கட்டும்: "வழக்கம் 1, இப்போது 9. எட்டில் காசுப் புகார். முதல் பதிவு 2:41." அதன் கீழே மூன்று பதிவுகளின் இணைப்பு. தூக்கக் கலக்கத்தில் எழுபவர் அதைப் படித்ததும் நேராகப் பேமெண்ட் பதிவேட்டில் 2:41-க்குப் போய்விடலாம்.