விடுதித் தளத்து வீடியோவில் தானியங்கி வசனமும் பரிந்துரைகளும்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

உப்புவெளியில் அக்கா நடத்தும் விடுதியின் இணையத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதற் பக்கத்தில் புறாத்தீவுப் படகுப் பயணத்தைக் காட்டும் எங்கள் யூடியூப் வீடியோ இருக்கிறது. பவளப்பாறை தெரியும் இடத்தில் தானியங்கி வசனம் ஓடும், அதிலும் நிலாவெளி என்ற பெயர் ஒவ்வொரு முறையும் வேறு சொல்லாகவே வரும். வீடியோ முடிந்ததும் வேறு விடுதிகளின் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். சில சீசன்களாக இதோடு பழகியதில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்பது இப்போது தெளிவு.

முதலில் வசனம். அதை அணைக்கப் பலரும் வீடியோவைப் பதிக்கும் முகவரியில் `cc_load_policy=0` என்று போட்டுப் பார்க்கிறார்கள். அந்த அமைப்பில் 1 என்றால் வசனம் கட்டாயம் தோன்றும், அவ்வளவுதான். போடாமல் விட்டால் பார்ப்பவரின் சொந்த விருப்பப்படி நடக்கும். அதனால்தான் அக்காவின் போனில் வசனம் ஓடும், என் கணினியில் ஓடாது. வீடியோ நம்முடையது என்றால் யூடியூப் ஸ்டூடியோவில் Subtitles பகுதிக்குப் போய்த் தானியங்கி வசனத்தை Unpublish செய்வதே வழி. அதோடு நான் திருத்திய வசனக் கோப்பையும் ஏற்றியிருக்கிறேன். காது கேளாதவர்களுக்கு அது வேண்டும். வசனத்தை எப்போதும் போட்டு வைத்திருப்பவர்களுக்கு அது தெரியத்தான் செய்யும், ஆனால் ஊர்ப்பெயர்கள் சரியாக இருக்கும்.

பரிந்துரைகள்தான் பெரிய வேலை. `rel=0` போட்டால் எதுவும் வராது என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2018 செப்டம்பரில் அது மாறிவிட்டது. இப்போது அதே சேனலின் வீடியோக்கள் வரும். எங்களுக்கு அதுவே போதும், சேனலில் இருப்பதெல்லாம் எங்கள் அறைகளும் படகும்தான். பிறர் வீடியோவைப் பதிப்பவர்களுக்கு இது உதவாது.

முடிவில் வரும் வரிசையைத் தவிர்க்க, வீடியோவை மறுபடி ஓடவிடுகிறேன். ஒற்றை வீடியோ திரும்ப ஓட `playlist` இலும் அதே அடையாளத்தைக் கொடுக்க வேண்டும். `loop=1` மட்டும் போதாது.

```
https://www.youtube.com/embed/VIDEO_ID?rel=0&loop=1&playlist=VIDEO_ID
```

கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் தோன்றும் அட்டைகள் வேறு வகை. அவை End screen என்று நாமே சேர்த்தவை, ஸ்டூடியோவில்தான் நீக்க வேண்டும்.

இடையில் நிறுத்தும்போது வரும் பரிந்துரைகளை மட்டும் அணைக்க வழியில்லை. அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து மறைக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார். பிளேயரின் மேல் எதையும் வைப்பது யூடியூப் விதிக்கு மாறானது, நான் செய்யவில்லை. முழுச் சுத்தம் தேவைப்பட்ட அறைகளின் குறும்படத்தைச் சுருக்கிய mp4 ஆக எங்கள் சேர்வரிலேயே வைத்து `<video>` குறியால் காட்டுகிறேன். அதில் பரிந்துரை என்ற பேச்சே இல்லை. டேட்டாச் செலவு எங்கள் தலையில் விழுவதால் நீளமான படகு வீடியோவை யூடியூப்பிலேயே விட்டிருக்கிறேன்.